280 என்ற கோடு: மண்ணின் தழைச்சத்தை அளப்பதும் தரம் பிரிப்பதும்

தமிழ்நாட்டு உழவர் ஒருவர் கையிலிருக்கும் மண்வள அட்டையைப் புரட்டினால், தழைச்சத்துக்கான கட்டத்தில் பெரும்பாலும் ‘குறைவு’ என்றுதான் இருக்கும். பக்கத்தில் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று ஓர் எண்ணும் இருக்கும். 220, 245, 279 என்று எதுவாகவும் இருக்கலாம். படிப்பவர், மண்ணில் இத்தனை கிலோ தழைச்சத்து பயிருக்கென்று ஆயத்தமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறார். அட்டையின் வாசகமும் அப்படித்தான் நினைக்க வைக்கிறது. ஆனால் அந்த எண் அதைச் சொல்லவில்லை. குறிப்பிட்ட ஒரு வேதிக் கரைசல், குறிப்பிட்ட சூட்டில், குறிப்பிட்ட நேரத்துக்குள் மண்ணிலிருந்து எவ்வளவு அம்மோனியாவை வெளியேற்றியது என்பதைத்தான் அது சொல்கிறது. அதிலிருந்து பயிரின் தேவைக்கு வருவதற்கு இன்னும் ஒரு படி ஏறவேண்டும். எண் எப்படிப் பிறக்கிறது, 280 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ எப்படி விழுகிறது, அந்தப் படியை எப்படி ஏறுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எதை அளக்கிறோம்?

மண்ணில் உள்ள தழைச்சத்தில் மிகப் பெரும்பகுதி கரிமப் பொருளில் கட்டுண்டு கிடக்கிறது. மட்கிய வேர், இலை, இறந்த நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் புரதங்களிலும் அவற்றிலிருந்து உருவான மட்கிலும் அது இருக்கிறது. பயிரின் வேரால் அதை அப்படியே எடுக்க முடியாது. நுண்ணுயிர்கள் சிதைத்து அம்மோனியமாக மாற்ற வேண்டும். காற்றோட்டமுள்ள நிலத்தில் அந்த அம்மோனியம் விரைவில் நைட்ரேட்டாகிவிடும். வேர் எடுப்பது இந்த இரண்டையும்தான். உலர்ந்த வயல்மண்ணில் ஒரு கிலோவுக்குச் சில மில்லிகிராம் முதல் பத்துப் பதினைந்து மில்லிகிராம் வரைதான் பெரும்பாலும் அம்மோனியம் இருக்கும். நைட்ரேட்டோ மழைக்கும் பாசனத்துக்கும் ஏற்ப வாரத்துக்கு வாரம் மாறும்.

ஆக, மாதிரி எடுத்த நாளில் கரைந்து நிற்கும் அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும் மட்டும் அளந்தால் பருவம் முழுவதற்குமான கணக்கு கிடைக்காது. மொத்தத் தழைச்சத்தை அளந்தால் அதில் பெரும்பகுதி பல ஆண்டுகளுக்கு அசையாதது. இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு வேண்டும்: நுண்ணுயிர்கள் எளிதில் சிதைக்கக்கூடிய கரிமப் பகுதி எவ்வளவு? அந்தப் பகுதியை வேதிப்பொருளைக் கொண்டு சிதைத்துப் பார்ப்பதுதான் காரப் பெர்மாங்கனேட் முறையின் அடிப்படை எண்ணம்.

இந்த எண்ணம் மண்ணுக்கென்று முதலில் தோன்றியதல்ல. கரிம உரங்களில் உள்ள தழைச்சத்து பயிருக்கு உதவுமா, அல்லது தோல் கழிவைப் போல உதவாமல் கிடக்குமா என்று பிரித்தறிய, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்க உர ஆய்வாளர்கள் காரப் பெர்மாங்கனேட்டைப் பயன்படுத்தினார்கள். இந்தியாவில் அதை மண்ணுக்கு ஏற்ற விரைவு முறையாக வடித்துத் தந்தவர்கள் பி. வி. சுப்பையாவும் ஜி. எல். அசிஜாவும். அவர்களுடைய சிறு கட்டுரை 1956-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. நாட்டில் மண் பரிசோதனை நிலையங்கள் தொடங்கப்பட்ட காலம் அது. நாளொன்றுக்குப் பல மாதிரிகளைப் பார்த்து முடிக்கும் முறை அந்த நிலையங்களுக்குத் தேவைப்பட்டது. இன்றும் இந்திய ஆய்வகங்களில் கிட்டும் தழைச்சத்து என்றால் பெரும்பாலும் இந்த முறைதான்.

வாலையில் நடப்பது

நிழலில் உலர்த்தி, மரச் சுத்தியலால் தட்டி, 2 மி.மீ. சல்லடையில் சலித்த மண்ணில் 20 கிராம் எடுத்து வடிகலனில் இடுகிறார்கள். அது நனையச் சிறிது நீர், நுரை பொங்காமலிருக்க ஒரு மி.லி. திரவப் பாரஃபின், கொதி சீராக இருக்கச் சில கண்ணாடி மணிகள். பிறகு 0.32 சதவீதப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் 100 மி.லி., 2.5 சதவீதச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 100 மி.லி. சேர்த்ததும் உடனே கலனை வாலையோடு இணைத்து மூடவேண்டும். காரம் பட்டவுடனேயே அம்மோனியம் அம்மோனியாவாகி வெளியேறத் தொடங்கிவிடும். இணைப்பு பொருந்த எடுக்கும் நேரத்தில் கொஞ்சம் தப்பினாலும் அது திரும்பி வராது.

கலனைச் சூடாக்கினால் இரண்டு வேலைகள் நடக்கின்றன. காரம், ஏற்கனவே அம்மோனியமாக இருப்பதை விரட்டுகிறது. பெர்மாங்கனேட், கரிமப் பொருளின் எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் பகுதியை உடைத்து அதிலுள்ள தழைச்சத்தையும் அம்மோனியாவாக்குகிறது. நீராவியோடு வரும் அம்மோனியாவை மறுமுனையில் 2 சதவீதப் போரிக் அமிலக் கரைசல் பிடித்துக்கொள்கிறது. அதில் புரோமோகிரசால் பச்சையும் மெத்தில் சிவப்பும் கலந்த நிறங்காட்டி இருக்கும். இளஞ்சிவப்பாக இருந்த கரைசல் அம்மோனியா சேரச் சேரப் பச்சையாகும். பல கையேடுகள், ஏறத்தாழ அரை மணி நேரத்தில் சுமார் 100 மி.லி. வடிநீரைச் சேர்க்கச் சொல்கின்றன. அதன் பிறகு 0.02 நார்மல் கந்தக அமிலத்தைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, பச்சை மறைந்து இளஞ்சிவப்பு திரும்பும் புள்ளியைக் குறிக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கொதித்துக்கொண்டிருக்கும் வரை கரிமப் பொருள் உடைந்துகொண்டேதான் இருக்கும். இவ்வளவுதான், இனி வராது என்று தெளிவாக நிற்கும் புள்ளி இந்த முறையில் இல்லை. அரை மணி நேரத்தை முக்கால் மணி நேரமாக்கினால் எண் கூடும். கரைசலின் செறிவைக் கூட்டினாலும் கூடும். ஆகவே கரைசலின் செறிவு, மண்ணுக்கும் கரைசலுக்குமான விகிதம், வடிக்கும் வேகம், நேரம் ஆகிய நான்கும் மாறாமலிருந்தால்தான் ஓர் ஆய்வகத்தின் எண்ணை இன்னோர் ஆய்வகத்தின் எண்ணோடு வைத்துப் பேசலாம்.

கலனிலேயே தெரியும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வடித்து முடியும்வரை கலனுள் ஊதா நிறம் எஞ்சியிருக்க வேண்டும். கரிமப் பொருள் மிகுந்த மண்ணில், உதாரணமாக நீலகிரியின் கருத்த மலைமண்ணில், ஊதா பச்சையாகி, பிறகு பழுப்பு வண்டலாகிவிடலாம். பெர்மாங்கனேட் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது என்பது அதன் பொருள். அப்போது கிடைக்கும் எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். மண்ணின் அளவைக் குறைத்து மறுபடி செய்வதே முறை.

செரித்துப் பார்ப்பது வேறு

மண்ணின் தழைச்சத்தை அளக்க இன்னொரு வழி, கந்தக அமிலத்தில் செரித்தல். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய யோஹான் கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறை இது. ஒரு கிராம் அளவு மண்ணோடு அடர் கந்தக அமிலம், கொதிநிலையை உயர்த்தப் பொட்டாசியம் சல்ஃபேட், வினையூக்கியாகத் தாமிர சல்ஃபேட் சேர்த்து, கரிமக் கருமை நீங்கும்வரையும் அதற்குப் பிறகும் சிறிது நேரம் சூடாக்குகிறார்கள். வெப்பம் 350 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கரிமப் பொருள் முழுவதும் சிதைந்து, அதிலிருந்த தழைச்சத்து அம்மோனியம் சல்ஃபேட்டாக அமிலத்தில் நிற்கும். ஆறியபின் 40 சதவீதச் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்து முன்போலவே வடித்து, தரம் பார்க்கிறார்கள்.

கடைசிக் கட்டம் இரண்டு முறைகளுக்கும் ஒன்றே. வாலை ஒன்று, போரிக் அமிலம் ஒன்று, பியூரெட் ஒன்று. அதனாலேயே இரண்டின் எண்களையும் ஒரே தராசில் வைத்துவிடும் தவறு எளிதில் நேர்கிறது. செரித்தல் தருவது மொத்தத் தழைச்சத்து. ஒரு வயலின் மண்ணில் மொத்தம் 0.06 சதவீதம் என்று வந்தால், மேல்மண்ணுக்கு அது ஹெக்டேருக்கு 1,344 கிலோ. அதே மண் பெர்மாங்கனேட்டில் 279 கிலோ காட்டலாம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 1,344-ஐ எடுத்துக்கொண்டு போய் 280 என்ற கோட்டோடு ஒப்பிட்டால் நம் ஊர் மண்ணெல்லாம் ‘அதிகம்’ ஆகிவிடும். கோடு பெர்மாங்கனேட் எண்ணுக்காகப் போடப்பட்டது. செரித்த எண்ணுக்கு அது பொருந்தாது.

மொத்த எண்ணுக்கும் அதன் பயன் உண்டு. பல ஆண்டுகளாகத் தொழுவுரமும் பசுந்தாள் உரமும் இட்ட நிலத்தில் மண்ணின் இருப்பு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்க அதுவே ஏற்றது. ஒரு பருவத்துக்கான உரத்தை அதிலிருந்து நேரடியாகத் தீர்மானிக்க முடியாது. மொத்தத்தில் ஆண்டுக்கு ஓரிரு சதவீதம்தான் பொதுவாக அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் விடுபடுகிறது. 1,344 கிலோவில் இரண்டு சதவீதம் என்றால் 27 கிலோ. இந்த 27-ஐப் பெர்மாங்கனேட் தந்த 279-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெர்மாங்கனேட் எண் ஒரு பருவத்தில் பயிரின் கைக்கு வரும் அளவைவிட எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் உறைக்கும். ‘கிட்டும்’ என்ற பெயரை வங்கிக் கணக்கின் இருப்பைப் போலப் படிக்கக்கூடாது என்பதற்கு இந்த ஓர் ஒப்பீடே போதும்.

ஒரு மாதிரியின் கணக்கு

டெல்டாவின் களிமண் நெல்வயல் ஒன்றின் மாதிரி என்று வைத்துக்கொண்டு கணக்கைப் படிப்படியாகப் பார்க்கலாம். 20 கிராம் மண்ணுக்கு 0.02 நார்மல் அமிலம் 9.3 மி.லி. செலவாயிற்று. மண் இல்லாமல், மற்றெல்லாம் அதே அளவில் சேர்த்துச் செய்த வெற்றுச் சோதனைக்கு 0.4 மி.லி. வேறுபாடு 8.9 மி.லி.

0.02 நார்மல் அமிலம் ஒரு மி.லி. என்பது 0.28 மில்லிகிராம் தழைச்சத்துக்குச் சமம். எனவே 20 கிராம் மண்ணில் 2.49 மில்லிகிராம். கிலோவுக்கு 124.6 மில்லிகிராம். இதை ஹெக்டேருக்கு மாற்ற 2.24-ஆல் பெருக்குகிறார்கள்.

```
(9.3 − 0.4) × 0.28 × 1000 ÷ 20 = 124.6
124.6 × 2.24 = 279
```

ஹெக்டேருக்கு 279 கிலோ. கோடு 280. ஆகவே தரம் ‘குறைவு’.

இப்போது அதே மண்ணை மறுபடி வடித்து, 9.4 மி.லி. வந்தது என்று கொள்வோம். பியூரெட்டின் மிகச் சிறிய பிரிவே 0.1 மி.லி.தான். எண் 282 ஆகிறது. தரம் ‘மத்திமம்’. மண் மாறவில்லை, வயல் மாறவில்லை. நிறம் திரும்பும் புள்ளியைக் கண் பிடித்த இடம் ஒரு கோடு தள்ளிப்போனது. அவ்வளவுதான்.

வெற்றுச் சோதனையைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? காய்ச்சி வடித்த நீரிலும் காரத்திலும் ஒட்டியிருந்த சிறிதளவு அம்மோனியா மண்ணின் கணக்கில் ஏறும். 9.3-ஐ அப்படியே பெருக்கினால் 292. அமிலத்தின் வலிமை 0.02 என்று புட்டியில் எழுதியிருந்து, உண்மையில் 0.021 ஆக இருந்தால், 279 என்று எழுதிய எண் 293 ஆக இருந்திருக்க வேண்டும். இப்படிச் சின்னச் சின்னப் பிழைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே கோட்டைத் தாண்டவைக்கப் போதுமானவை.

இன்று பல ஆய்வகங்கள் வைத்திருக்கும் தானியங்கி வாலைகளில் 5 கிராம் மண்ணை வைத்துச் செய்கிறார்கள். வேலை சில நிமிடங்களில் முடிகிறது, வேதிப்பொருளும் மிச்சம். ஆனால் 20 கிராமில் ஒரு மி.லி. அமிலம் 31.4 கிலோ என்றால், 5 கிராமில் அதே ஒரு மி.லி. 125 கிலோ. பியூரெட்டில் 0.1 மி.லி. பிசகினால் முன்பு 3 கிலோ மாறியது, இங்கே 12.5 கிலோ மாறுகிறது. 2.2 மி.லி. என்றால் 276, 2.3 என்றால் 289. இரண்டுக்கும் நடுவில் எண்ணே கிடையாது. சிறு மாதிரியில் செய்யும் ஆய்வகம் அமிலத்தை இன்னும் நீர்த்து எடுத்துக்கொள்ளவோ, நுண்ணிய பிரிவுள்ள பியூரெட்டை வைத்துக்கொள்ளவோ வேண்டும்.

ஹெக்டேராக மாற்றும்போது

2.24 என்ற பெருக்கெண் எங்கிருந்து வந்தது? ஓர் ஏக்கர் நிலத்தில் ஆறு அங்குல ஆழத்து மேல்மண் இருபது லட்சம் பவுண்டு என்பது பழைய உழவியல் வழக்கு. அதை ஹெக்டேருக்கும் கிலோவுக்கும் மாற்றினால் 22.4 லட்சம் கிலோ. தரக்கோட்டின் வேரும் இதுவே. ஏக்கருக்கு 250 பவுண்டு என்பதை மாற்றினால் ஹெக்டேருக்கு 280 கிலோ. 500 பவுண்டு என்றால் 560. கிலோ மண்ணுக்கான மில்லிகிராமில் சொன்னால் 125-உம் 250-உம். 280, 560 ஆகியவை ஏதோ நுட்பமான எல்லைகள் போலத் தோன்றினாலும், உள்ளே இருப்பவை வசதிக்காக எடுத்த முழு எண்கள்தான்.

22.4 லட்சம் கிலோ என்பது, 15 செ.மீ. ஆழத்துக்கு, ஒரு கன சென்டிமீட்டர் மண் கிட்டத்தட்ட 1.5 கிராம் எடை இருப்பதாகக் கொள்கிறது. மணற்பாங்கான செம்மண்ணுக்கு அது பொருந்தும். களி மிகுந்த மண் 1.3 கிராம்தான் இருக்கிறதென்றால், அதே ஆழத்து மேல்மண் 19.5 லட்சம் கிலோ. நம் மாதிரியின் 279, அப்போது 243 ஆகிறது. ஆய்வகங்கள் மண்ணுக்கு மண் எடையடர்த்தி பார்ப்பதில்லை, பார்க்கவும் இயலாது. ஆகவே ஆய்வகம் உண்மையில் அளந்தது கிலோ மண்ணுக்கான மில்லிகிராமை. ஹெக்டேர்க் கணக்கு ஓர் ஊகத்தை ஏற்றிப் பெருக்கியது.

எது எங்கே தவறும், எப்படிக் கண்டுபிடிப்பது

ஆய்வகத்துக்கு வருமுன்பே தவறு நுழையலாம். யூரியா இட்ட சில நாட்களில் எடுத்த மண் உரத்தையே அளந்து காட்டும். எருக்குவியல் கிடந்த இடம், வரப்போரம், மர நிழல் ஆகியவற்றிலிருந்து எடுத்ததும் அப்படியே. ஈர மண்ணைப் பாலித்தீன் பையில் கட்டி ஒரு வாரம் வெயிலில் போட்டுவைத்தால் பைக்குள் நுண்ணுயிர்கள் வேலை செய்துகொண்டே இருக்கும். அவசரத்துக்கு அடுப்பில் காயவைத்தாலும் அம்மோனியம் கூடும். நிழலில் உலர்த்தச் சொல்வது இதனால்தான்.

வாலையில் நேரும் தவறுகள் இரண்டு வகை. இணைப்பு கசிந்தால் அம்மோனியா தப்பி எண் குறையும். கொதி மிஞ்சிக் காரக் கரைசலின் திவலைகள் குழாய் வழியே போரிக் அமிலத்துக்குள் போய்விட்டால், அந்தக் காரமும் அமிலத்தைத் தின்று எண்ணைக் கூட்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு நேர்த்தியான வழி உண்டு. தூய அம்மோனியம் சல்ஃபேட் 1.32 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால், அதன் ஒவ்வொரு மி.லி.யிலும் 0.28 மில்லிகிராம் தழைச்சத்து இருக்கும். அதில் 10 மி.லி. எடுத்து மண் இல்லாமல் வடித்தால், வெற்றுச் சோதனையைக் கழித்தபின் 0.02 நார்மல் அமிலம் சரியாக 10 மி.லி. செலவாக வேண்டும். 9.4 மி.லி. மட்டும் செலவானால் கசிவைத் தேடவேண்டும், அமிலம் எழுதியதைவிட வலிமையாக இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். 10.5 வந்தால் காரம் தாண்டியிருக்கிறது, அல்லது அமிலம் வலிமை குன்றியிருக்கிறது. நாள்தோறும் காலையில் இந்தச் சோதனையைச் செய்து, அதோடு ஏற்கனவே எண் தெரிந்த ஒரு மண்ணையும் ஒவ்வொரு தொகுதியிலும் சேர்த்து ஓட்டும் ஆய்வகத்தின் எண்ணை நம்பலாம்.

இன்னொரு குறை முறையிலேயே இருப்பது. காரத்தில் கொதிக்கவைத்தால் நைட்ரேட் அம்மோனியாவாக மாறாது. மண்ணில் நைட்ரேட் எவ்வளவு இருந்தாலும் இந்த முறைக்கு அது புலப்படாது. நடவு நெல்லுக்கு இதனால் பெரிய பிழை இல்லை. வயலில் நீர் கட்டியவுடன் நைட்ரேட்டின் பெரும்பகுதி வளிமமாகி வெளியேறும், அல்லது கீழே கசிந்துபோகும். பிறகு பயிர் வாழ்வது அம்மோனியத்தை நம்பித்தான். ஆனால் மானாவாரிக் கரிசலில் மக்காச்சோளமோ பருத்தியோ பயிரிடும்போது, விதைக்கும் வேளையில் நிற்கும் நைட்ரேட் உண்மையிலேயே பயிருக்குக் கிட்டும் சத்து. அங்கே பெர்மாங்கனேட் எண் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. நைட்ரேட்டைத் தனியே அளந்து சேர்க்க வேண்டும்.

கோட்டுக்கு அப்பால்

தர எல்லைகளும் ஊருக்கு ஊர் ஒன்றல்ல. 280-க்குக் கீழே ‘குறைவு’ என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். மேல் எல்லையில் ஒப்புதல் இல்லை. தேசிய மண்வள அட்டையின் கணக்கில் 280 முதல் 560 வரை ‘மத்திமம்’. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பின்பற்றும் கணக்கில் 450-ஐத் தாண்டினாலே ‘அதிகம்’. 480 என்று வந்த மண் ஒரு தாளில் மத்திமம், இன்னொரு தாளில் அதிகம். வேறு சில இடங்களில் தழைச்சத்தை நேரடியாக வடித்துப் பார்ப்பதே இல்லை. கரிமக் கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேல் என்றால் அதிகம் என்று அதைக்கொண்டே தழைச்சத்தையும் தரம் பிரிக்கிறார்கள். இரண்டு அட்டைகளை ஒப்பிடுமுன் எந்த முறை, எந்த எல்லை என்று பார்ப்பது முதல் வேலை.

தரத்தைக்கொண்டு உரம் கணக்கிடும்போது கோட்டின் கூர்மை உழவரின் பையில் போய்த் தைக்கிறது. வழக்கமான நடைமுறை இது: மத்திமம் என்றால் பொதுப் பரிந்துரை அப்படியே, குறைவு என்றால் கால் பங்கு கூட, அதிகம் என்றால் கால் பங்கு குறைய. டெல்டாவின் குறுகிய கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. நம் மாதிரி 279 ஆனால் 187.5 கிலோ, 282 ஆனால் 150 கிலோ. வேறுபாடு 37.5 கிலோ தழைச்சத்து, அதாவது 81 கிலோவுக்குச் சற்று மேல் யூரியா. கிட்டத்தட்ட இரண்டு மூட்டை. பியூரெட்டின் ஒரு கோட்டுக்கு இந்த விலை. இதற்கு நேர்மாறாக 150 கிலோ காட்டிய மெலிந்த மணல்மண்ணும் 279 காட்டிய களிமண்ணும் ஒரே ‘குறைவு’ என்ற பெயரின்கீழ் ஒரே அளவு உரம் பெறுகின்றன. வெப்பநாட்டு மண்ணில் கரிமப் பொருள் விரைவாக எரிந்துபோவதால் பெரும்பாலான வயல்கள் அந்த ஒரே கூடைக்குள் விழுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் என்றால் பெயர் எதையும் பிரித்துச் சொல்லவில்லை.

இதற்கு மாற்று அறுபதுகளிலேயே வந்துவிட்டது. பி. ராமமூர்த்தியும் அவருடைய குழுவினரும் வகுத்த இலக்கு மகசூல் அணுகுமுறை, 1967-68-இல் தொடங்கிய அனைத்திந்திய ஒருங்கிணைந்த மண் பரிசோதனைத் திட்டத்தின் முதுகெலும்பு. அதில் தரமே இல்லை, எண்தான் உண்டு. மூன்று செய்திகளை வயல் சோதனைகளில் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு குவிண்டால் விளைய எவ்வளவு தழைச்சத்து வேண்டும், மண் பரிசோதனை காட்டிய எண்ணில் எத்தனை சதவீதத்தைப் பயிர் எடுத்தது, இட்ட உரத்தில் எத்தனை சதவீதத்தை எடுத்தது என்பவையே அவை.

எளிமைக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம்: குவிண்டாலுக்கு 1.7 கிலோ, மண்ணிலிருந்து 20 சதவீதம், உரத்திலிருந்து 40 சதவீதம். ஹெக்டேருக்கு 60 குவிண்டால் இலக்கு என்றால் பயிருக்கு வேண்டியது 102 கிலோ. மண் எண் 279 ஆனால் மண் தருவது 55.8 கிலோ. மீதி 46.2 கிலோவை உரம் தர வேண்டும். இடுவதில் 40 சதவீதமே சேர்வதால் இடவேண்டியது 115.5 கிலோ. மண் எண் 282 ஆனால் இதே கணக்கு 114 கிலோ தருகிறது. தர முறையில் 37.5 கிலோவாக இருந்த வேறுபாடு இங்கே ஒன்றரைக் கிலோ. வடித்தலின் சிறு பிசகு சிறு பிசகாகவே தங்கிவிடுகிறது. 150 காட்டிய மண்ணோ 180 கிலோ கேட்கிறது. ஒரே பெயருக்குள் மறைந்திருந்த வேறுபாடு வெளியே வந்துவிடுகிறது.

முன்பு சொன்ன அந்த இன்னொரு படி இதுதான். 279 கிலோவில் பயிருக்குப் போவது எத்தனை பங்கு என்பதை வாலை சொல்லாது, வயல் சோதனை சொல்லும். அந்தச் சதவீதமும் இதே கரைசல், இதே நேரம் என்று வடித்த எண்களைக் கொண்டு கண்டறியப்படுவது. வேறு மண்வகைக்கு, வேறு பயிருக்கு, வேறு முறையில் அளந்த எண்ணுக்கு அது செல்லாது. ஆகவே சமன்பாடு எந்த மண் தொடருக்கும் எந்தப் பருவத்துக்கும் வகுக்கப்பட்டதோ அதற்கே பயன்படுத்த வேண்டும்.

மண்வள அட்டை கையில் இருப்பவர் செய்ய வேண்டியவை சில. தரத்தின் பெயரை விட்டு எண்ணைப் படியுங்கள். 260-க்கும் 300-க்கும் இடைப்பட்ட எண் குறைவா மத்திமமா என்று யாரோடும் வாதிட வேண்டாம். அது கோட்டின்மேல் நிற்கும் மண், அவ்வளவே. அந்த எண்ணை உரத்தேவையிலிருந்து நேராகக் கழிக்காதீர்கள். உங்கள் மண்ணுக்கும் பயிருக்கும் இலக்கு மகசூல் சமன்பாடு இருக்கிறதா என்று வேளாண் அலுவலரிடம் கேட்டு, எண்ணை அதில் இடச் சொல்லுங்கள். அடியுரத்துக்கு அந்தக் கணக்கு போதும். நெல்லின் மேலுரத்துக்கு, நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலை வண்ண அட்டையை இலையோடு வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற இரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே நிறம் இறங்கும்போது மட்டும் யூரியா இடுங்கள். விதைப்புக்கு முன் மண்ணைக் கொதிக்கவைத்துக் கண்டது ஒரு மதிப்பீடு. பருவத்தின் நடுவில் மண் உண்மையில் எவ்வளவு கொடுத்தது என்பதற்குப் பயிரின் இலையே சாட்சி.